ஒவ்வொரு வெளியீட்டிலும் திரும்பி வரும் வழு: மூலக்காரணம் வரை செல்லும் வழி

நான் பணியாற்றிய ஒரு குழு, வணிக நிறுவனங்களுக்கான கணக்குப் பதிவு மென்பொருள் ஒன்றை உருவாக்கி வந்தது. அதன் 4.1 பதிப்பு வெளியானபோது, மாதாந்திரக் கணக்கு அறிக்கையில் மாதத்தின் கடைசி நாளுக்குரிய பரிவர்த்தனைகள் விடுபட்டிருப்பதாகப் புகார் வந்தது. 4.1.1 பேட்சில் அது சரிசெய்யப்பட்டது. 4.2 வெளியானதும் அதே புகார் மீண்டும் வந்தது, 4.2.1-இல் மறைந்தது. 4.3-இல் வந்து 4.3.1-இல் போனது. 4.4-இலும் வந்தபோதுதான், இதுவரை நாங்கள் செய்தது எதுவும் திருத்தமே அல்ல என்பதை ஒப்புக்கொண்டு, முறையாக விசாரிக்கத் தொடங்கினோம். அந்த விசாரணையை வரிசைப்படி விவரித்து, ‘ஏன்’ என்று அடுத்தடுத்து ஐந்து முறை கேட்டு மூலக்காரணத்தைத் தேடும் ‘ஐந்து ஏன்’ முறையும் அதனுடன் சேர்த்துப் பயன்படுத்த வேண்டிய வேறு சில முறைகளும் எந்த இடத்தில் உதவுகின்றன, எந்த இடத்தில் வழிதவறச் செய்கின்றன என்பதை இங்கே விளக்குகிறேன்.

## ‘ஐந்து ஏன்’ எங்கிருந்து வந்தது, எதை நம்பி நிற்கிறது

இந்த முறையின் தொடக்கம் ஜப்பானியத் தொழிலதிபர் சாகிச்சி டொயோடாவுடன் தொடர்புபடுத்தப்படுகிறது. அதை டொயோட்டா உற்பத்தி முறையின் அங்கமாக்கிப் பரப்பியவர் டொயோட்டா பொறியாளர் டாய்ச்சி ஓனோ. அவர் தரும் எடுத்துக்காட்டு பலருக்குத் தெரிந்ததே. இயந்திரம் நின்றுவிட்டது, ஏனென்றால் சுமை மிகுந்து ஃபியூஸ் போனது. சுமை மிகுந்ததற்குக் காரணம் பேரிங்கில் உயவு போதாதது. உயவு போதாததற்குக் காரணம் பம்ப் சரியாக இறைக்காதது. பம்ப் இறைக்காததற்குக் காரணம் அதன் தண்டு தேய்ந்து ஆடிக்கொண்டிருந்தது. தண்டு தேய்ந்ததற்குக் காரணம், வடிகட்டி பொருத்தப்படாததால் உலோகத் துகள்கள் உள்ளே புகுந்தது. ஃபியூஸை மட்டும் மாற்றியிருந்தால் சில மாதங்களில் இயந்திரம் மீண்டும் நின்றிருக்கும்.

இந்த எடுத்துக்காட்டில் பலரும் கவனிக்காமல் விடுவது ஒன்று உண்டு. ஒவ்வொரு ‘ஏன்’ என்ற கேள்விக்கும் விடை இயந்திரத்தைத் திறந்து பார்த்துச் சொல்லப்பட்டது. தேய்ந்த தண்டைக் கையால் தொட்டுப் பார்க்கலாம். வடிகட்டி இல்லாததைக் கண்ணால் காணலாம். மென்பொருள் குழுக்களில் இந்தக் கேள்விகள் பெரும்பாலும் கூட்ட அறையில் கேட்கப்பட்டு, நினைவிலிருந்து விடை சொல்லப்படுகின்றன. அங்கேதான் இந்த முறை பிசகுகிறது.

எங்கள் குழு 4.3.1-க்குப் பிறகு நடத்திய கூட்டத்தில் உருவான சங்கிலி இது. கடைசி நாள் ஏன் விடுபட்டது? தேதி வரம்பு தவறாக இருந்தது. அது ஏன் மீண்டும் தவறானது? முந்தைய திருத்தம் இந்த வெளியீட்டில் இல்லை. ஏன் இல்லை? பேட்ச் கிளையிலிருந்து முதன்மைக் கிளைக்கு அது இணைக்கப்படவில்லை. ஏன் இணைக்கப்படவில்லை? நிரலாளர் மறந்துவிட்டார். ஏன் மறந்தார்? அவசரமாகப் பேட்ச் வெளியிட வேண்டியிருந்தது. கேட்டவர் அனைவரும் தலையசைத்தனர். ‘பேட்சுக்குப் பின் இணைத்தாயிற்றா?’ என்ற ஒரு வரி, வெளியீட்டுச் சரிபார்ப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. 4.4-இல் வழு திரும்பி வந்தது.

அந்தச் சங்கிலியின் மூன்றாவது கண்ணி பொய். திருத்தம் முதன்மைக் கிளையில் இணைக்கப்பட்டே இருந்தது. கூட்டத்தில் இருந்த எவரும் ரெப்போவைத் திறந்து பார்க்கவில்லை, 4.2.1-க்காக அந்தக் கோப்பைத் திறந்து பார்த்த நிரலாளர் கூட்டத்துக்கு அழைக்கப்படவும் இல்லை.

## படி 1: வரலாற்றை ஒரே இடத்தில் வையுங்கள்

முதலில் ‘ஏன்’ என்று கேட்காதீர்கள். முன்பு வந்த புகார்கள், அவற்றுக்குச் செய்த மாற்றங்கள், வெளியிட்ட பில்டுகள் ஆகியவற்றைத் திரட்டுங்கள். எங்கள் வழு ஒவ்வொரு முறையும் புதிய டிக்கெட் எண்ணுடன் பதிவாகி, தனித்தனியாக மூடப்பட்டிருந்தது. அதனால் நான்கு டிக்கெட்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எவரும் பார்த்ததில்லை. வைத்துப் பார்த்தபோது கிடைத்தது இது:

| பதிப்பு | பில்ட் வகை | கடைசி நாள் | செய்த மாற்றம் |
|---|---|---|---|
| 4.1.0 | முழு | விடுபட்டது | – |
| 4.1.1 | பேட்ச் | சரி | வினவலின் தேதி வரம்பு திருத்தப்பட்டது |
| 4.2.0 | முழு | விடுபட்டது | – |
| 4.2.1 | பேட்ச் | சரி | நேர மண்டல அமைப்பு மாற்றப்பட்டது |
| 4.3.0 | முழு | விடுபட்டது | – |
| 4.3.1 | பேட்ச் | சரி | அறிக்கைத் தற்காலிகச் சேமிப்பு நீக்கப்பட்டது |
| 4.4.0 | முழு | விடுபட்டது | – |

நான்காவது நெடுவரிசையைப் பாருங்கள். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத மூன்று மாற்றங்கள், மூன்றுமே ‘பலித்திருக்கின்றன’. ஒரு வழுவுக்கு மூன்று வெவ்வேறு மருந்துகள் வேலை செய்தால், மருந்து எதுவும் வேலை செய்யவில்லை, மூன்று முறையும் பொதுவாக நடந்த வேறொன்றே வழுவை மறைத்தது என்றே கொள்ள வேண்டும். 4.2.1-இல் பணிசெய்த நிரலாளரிடம் பிறகு பேசினோம். அவர் கோப்பைத் திறந்தபோது தேதி வரம்பு சரியாகவே இருந்ததாம். ‘அப்படியானால் நேர மண்டலம்தான்’ என்று ஊகித்து அதை மாற்றினார், பேட்ச் வெளியானது, வழு மறைந்தது, தன் ஊகம் உறுதியானதாக நம்பினார். அவருடைய இடத்தில் நான் இருந்திருந்தாலும் அப்படித்தான் நம்பியிருப்பேன். திருத்தத்துக்குப் பின் வழு மறைவது, அந்தத் திருத்தம்தான் அதை மறைத்தது என்பதற்குச் சான்றாகாது.

இந்தப் படியிலேயே இன்னொன்றையும் உறுதிசெய்ய வேண்டும்: திரும்பி வருவது ஒரே வழுவா, ஒரே அறிகுறியுடன் வரும் வெவ்வேறு வழுக்களா? ‘அறிக்கை தவறு’ என்ற தலைப்பில் வந்த நான்கு டிக்கெட்டுகளில் ஒன்றில் பரிவர்த்தனை விடுபட்டிருக்கலாம், மற்றொன்றில் அது இரட்டித்திருக்கலாம். அவற்றை ஒரே சங்கிலியில் கோத்தால் விசாரணை எங்கும் போய்ச் சேராது. எங்களிடம் நான்கு புகார்களிலும் இருந்த அறிக்கைகளை எடுத்து, விடுபட்ட வரிகளைப் பரிவர்த்தனைப் பட்டியலுடன் ஒப்பிட்டோம். நான்கிலும் கடைசி நாள் மட்டுமே, ஏறக்குறைய முழுமையாக விடுபட்டிருந்தது.

## படி 2: எங்கே இருக்கிறது, எங்கே இல்லை

கெப்னர், டிரெகோ ஆகிய இருவர் வகுத்த ‘உள்ளது – இல்லாதது’ ஒப்பீடு, திரும்பி வரும் வழுவுக்கு ‘ஐந்து ஏன்’ முறையைவிட முதலில் செய்ய வேண்டியது என்று கருதுகிறேன். வழு எங்கே காணப்படுகிறது என்பதை எல்லோரும் எழுதுவார்கள். எங்கே காணப்பட்டிருக்கக்கூடும், ஆனால் காணப்படவில்லை என்பதை எழுதும்போதுதான் காரணங்கள் உதிரத் தொடங்கும்.

எங்கள் ஒப்பீட்டில் நான்கு வேறுபாடுகள் கிடைத்தன. முதலாவது, வழு அறிக்கையில் இருந்தது. திரையில் தெரியும் பரிவர்த்தனைப் பட்டியலில் இல்லை. ஆகவே தரவு சேமிக்கப்படுகிறது, எடுப்பதில்தான் சிக்கல். இரண்டாவது, வெவ்வேறு நேர மண்டலங்களில் இருந்த வாடிக்கையாளர்கள் அனைவருக்கும் விடுபட்டவை ஒரே நாளின் தொடக்கம் முதல் முடிவு வரை பரவியிருந்தன. நேர மண்டலப் பிழையாக இருந்தால், ஒருவருக்குச் சில மணி நேரமும் மற்றவருக்கு வேறு அளவும் விடுபட்டிருக்க வேண்டும். 4.2.1-இன் ஊகம் இந்த ஒரு வரியிலேயே விழுந்தது.

மூன்றாவது வேறுபாடு நுட்பமானது. கடைசி நாளின் பரிவர்த்தனைகளில் கையால் பதிந்தவை விடுபட்டிருந்தன. ஆனால் கோப்பிலிருந்து மொத்தமாக இறக்கப்பட்டவை அறிக்கையில் இருந்தன. இரண்டையும் தரவுத்தளத்தில் பார்த்தோம். கையால் பதிந்தவற்றில் பதிந்த மணியும் நிமிடமும் இருந்தன. மொத்தமாக இறக்கியவற்றில் தேதி மட்டுமே இருந்ததால், நேரம் 00:00:00 என்று பதிவாகியிருந்தது. நேர முத்திரை கொண்ட ஒரு புலத்தை இப்படி வடிகட்டினால் நடப்பது இதுவே:

```sql
WHERE posted_at BETWEEN '2024-03-01' AND '2024-03-31'
```

நேரம் குறிப்பிடப்படாத `'2024-03-31'` என்பது 31-ஆம் தேதி நள்ளிரவு தொடங்கும் கணத்தைக் குறிக்கிறது. அந்தக் கணத்தில் பதிவானவை உள்ளே வரும்; அதற்குப் பிந்தைய ஒரு வினாடி கூட வராது. சரியான வடிவம் அடுத்த மாதத்தின் முதல் நாளை எட்டாத வரை எடுப்பது:

```sql
WHERE posted_at >= '2024-03-01' AND posted_at < '2024-04-01'
```

நான்காவது வேறுபாடு, அட்டவணையில் நாங்கள் ஏற்கெனவே கண்டது: வழு முழு வெளியீடுகளில் மட்டும் இருந்தது, பேட்சுகளில் இல்லை, நிரலாளர்களின் கணினிகளிலும் இல்லை. முதல் மூன்று வேறுபாடுகளும் வழு எது என்று சொல்கின்றன. அது ஏன் *திரும்பி வருகிறது* என்பதற்கு விடை இந்த நான்காவதில்தான் இருக்கிறது. முன்வைக்கப்படும் எந்தக் காரணமும், வழு இருந்த இடம், இல்லாத இடம் என்ற இரண்டு பக்கத்தையும் விளக்க வேண்டும். ‘இணைக்க மறந்தார்’ என்ற காரணம் 4.2.0-இல் வழு இருந்ததை விளக்குகிறது; ஆனால், தேதி வரம்பைத் தொடாத 4.2.1-இல் அது மறைந்ததை விளக்கவில்லை. கூட்டத்தில் இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் அப்போதே அந்தச் சங்கிலி அறுந்திருக்கும்.

## படி 3: ஒவ்வொரு விடைக்கும் ஒரு சான்று

இப்போது ‘ஏன்’ கேட்கலாம். ஒரே நிபந்தனை: விடையுடன், அதைக் காட்டும் ஒரு கட்டளையோ, கோப்போ, பதிவேட்டு வரியோ இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்த விடைக்குப் பக்கத்தில் ‘ஊகம்’ என்று எழுதிவிட்டு, சான்று கிடைக்கும் வரை அடுத்த ‘ஏன்’ கேட்கக் கூடாது.

‘4.4-இல் தேதி வரம்பு ஏன் தவறாக உள்ளது?’ என்ற கேள்விக்கு, திருத்தம் இணைக்கப்படவில்லை என்பதை முதலில் சோதித்தோம்:

```
git merge-base --is-ancestor 9f3c2ab v4.4.0; echo $?
```

திருத்தக் கமிட் அந்தப் பதிப்பின் வரலாற்றில் இருந்தால் `0`, இல்லையென்றால் `1` வரும். எங்களுக்கு `0` வந்தது. ஒரு எச்சரிக்கை: கமிட்டுகளைச் சுருக்கி இணைக்கும் வழக்கமோ, ஒரு கிளையிலிருந்து மற்றொன்றுக்குத் தனியாகப் பெயர்த்து வைக்கும் வழக்கமோ இருந்தால் கமிட்டின் அடையாளம் மாறிவிடும், அப்போது `1` வந்தாலும் திருத்தம் உள்ளே இருக்கக்கூடும். ஆகவே கோப்பின் உள்ளடக்கத்தையே பார்ப்பது நம்பகமானது. அதைச் செய்யும்போது, ரெப்போவில் உள்ளதோடு நின்றுவிடாமல் வாடிக்கையாளருக்குப் போன பொதியையும் திறந்து ஒப்பிட்டோம்:

```
git show v4.4.0:reports/gen/statement.sql > repo.sql
unzip -p app-4.4.0.zip reports/gen/statement.sql > shipped.sql
diff repo.sql shipped.sql
```

இரண்டும் வேறுபட்டன. ரெப்போவில் சரியான வரம்பு. பொதியில் பழைய `BETWEEN`. நான்கு வெளியீடுகளாக நாங்கள் ரெப்போவையே பார்த்துக்கொண்டிருந்தோம். வழு அங்கே இல்லவே இல்லை. இதனால்தான் `git bisect` இங்கே பயன்பட்டிருக்காது என்பதையும் சொல்ல வேண்டும். எந்தக் கமிட்டில் வழு நுழைந்தது என்று அது தேடும், 4.1.1-க்குப் பிந்தைய எல்லாக் கமிட்டுகளிலும் மூலக்கோப்பு சரியாக இருந்ததால், நிரலாளரின் கணினியில் ஒவ்வொன்றையும் ‘நல்லது’ என்றே குறித்திருப்போம்.

பொதியில் உள்ள கோப்பு ரெப்போவிலிருந்து ஏன் வேறுபட்டது? முழு வெளியீட்டின் பில்ட் பதிவேட்டில் விடை இருந்தது. அறிக்கை வினவல்களை ஒரு டெம்ப்ளேட்டிலிருந்து உருவாக்கும் சிறு நிரல் ஒன்று அதில் ஓடி, `reports/gen` அடைவில் உள்ள எல்லாக் கோப்புகளையும் புதிதாக எழுதியது. பேட்ச் பில்டில் அந்தப் படி இல்லை. நேரத்தைச் சேமிக்க யாரோ எப்போதோ அதை நீக்கியிருந்தார்கள். 4.1.1-இல் திருத்தப்பட்டது உருவாக்கப்பட்ட கோப்பு; டெம்ப்ளேட்டில் பழைய வரம்பு அப்படியே இருந்தது. எனவே ஒவ்வொரு முழு பில்டும் திருத்தத்தை அழித்தது. அதைத் தொடர்ந்த ஒவ்வொரு பேட்ச் பில்டும், எதற்காக வெளியிடப்பட்டதாக இருந்தாலும், ரெப்போவில் இருந்த திருத்திய கோப்பைப் பொதியில் சேர்த்தது. அட்டவணையின் ஏழு வரிகளும் இந்த ஒரே காரணத்தால் விளங்கின.

திருத்தியவர் டெம்ப்ளேட்டை ஏன் தொடவில்லை? அப்படி ஒன்று இருப்பது அவருக்குத் தெரியாது. ஏன் தெரியாது? உருவாக்கப்பட்ட கோப்பு, கையால் எழுதிய கோப்பைப் போலவே ரெப்போவில் இருந்தது. ‘இது உருவாக்கப்பட்டது, திருத்தாதீர்’ என்ற வரி அதன் தலைப்பில் இல்லை. டெம்ப்ளேட் வேறொரு குழுவின் ரெப்போவில் இருந்தது. இங்கே சங்கிலியை நிறுத்தினோம். ஐந்து என்ற எண்ணுக்குத் தனி மதிப்பு எதுவும் இல்லை. மாற்றக்கூடிய ஒரு அமைப்பை, அதாவது ஒரு கோப்பு, ஒரு பில்ட் படி, ஒரு பொறுப்புப் பிரிவினை ஆகியவற்றில் ஒன்றை விடை தொட்டுவிட்டால் நிறுத்தலாம். விடை ஒரு மனிதரின் மறதியிலோ அவசரத்திலோ முடிந்தால் நிறுத்தக் கூடாது. அந்த மறதி வழுவாக மாறுவதற்கு எது இடம் கொடுத்தது என்று இன்னும் ஒருமுறை கேட்க வேண்டும்.

## படி 4: இரண்டாவது சங்கிலி – ஏன் தப்பியது

வழு ஏன் உண்டானது என்பது ஒரு கேள்வி. அது நம் கையைத் தாண்டி வாடிக்கையாளரிடம் ஏன் போனது என்பது வேறு கேள்வி. இதற்குத் தனிச் சங்கிலி தேவை. திரும்பி வரும் வழுக்களில் இந்த இரண்டாவது சங்கிலியையே பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள்.

எங்களிடம் இந்த வழுவுக்கென்றே ஒரு தானியங்கிச் சோதனை இருந்தது. 4.1.1-இல் எழுதப்பட்டு, அதன் பின் ஒவ்வொரு வெளியீட்டிலும் பச்சை காட்டியது. அது ஏன் பிடிக்கவில்லை? சோதனைத் தரவைத் திறந்தோம். கடைசி நாளுக்கான பரிவர்த்தனை `2024-03-31` என்று தேதி மட்டும் தரப்பட்டிருந்தது. அதாவது நள்ளிரவு 00:00:00. தவறான வரம்பும் அதை எடுத்துவிடும். திருத்தத்தை நீக்கிவிட்டு ஓட்டினாலும் அந்தச் சோதனை வெற்றி பெற்றது. ஆகவே அது பிறந்த நாள் முதல் எதையும் சோதிக்கவில்லை. தரவில் `2024-03-31 15:40:00` என்று எழுதியதும், பழைய வரம்பில் சோதனை தோற்றது.

அப்படித் திருத்தியிருந்தால் மட்டும் 4.2-இல் பிடித்திருக்குமா? பிடித்திருக்காது. சோதனைகள் ரெப்போவில் உள்ள கோப்புகளின் மேல், டெம்ப்ளேட் படி ஓடுவதற்கு முன்பே ஓடின. வெளியே போகும் பொதியின் மேல் எந்தச் சோதனையும் ஓடவில்லை. இது இரண்டாவது சங்கிலியின் வேர்.

இந்த இடத்தில் ‘ஐந்து ஏன்’ முறையின் வடிவமே போதாமல் போகிறது. அது ஒரு கோடு. ஒவ்வொரு கேள்விக்கும் ஒரே விடையை எதிர்பார்க்கிறது. எங்கள் வழு வாடிக்கையாளரை அடைய, டெம்ப்ளேட்டில் தவறு இருப்பதும், பொதியின் மேல் சோதனை இல்லாததும் ஒருங்கே நிகழ வேண்டியிருந்தது. இத்தகைய ‘இதுவும் அதுவும்’ உறவைக் காட்டுவதற்கென உருவானதே பிழை மரம். 1962-இல் பெல் ஆய்வுக்கூடத்தில், மினிட்மேன் ஏவுகணையின் ஏவும் கட்டுப்பாட்டு அமைப்பை ஆராய்வதற்காக அது வகுக்கப்பட்டது. உச்சியில் நிகழக் கூடாத நிகழ்வை எழுதி, அதன் கீழ் காரணங்களை ‘அனைத்தும் சேர்ந்தால்’, ‘ஏதேனும் ஒன்று போதும்’ என்ற இரு வகை இணைப்புகளால் கிளைக்க விடுவார்கள். எங்கள் மரம் ஒரு தாளில் அடங்கியது. உச்சியில் ‘கடைசி நாள் விடுபட்ட அறிக்கை வாடிக்கையாளருக்குப் போகிறது’. அதன் கீழ் ‘அனைத்தும் சேர்ந்தால்’ என்ற இணைப்பில் ‘பொதியில் தவறான வரம்பு’, ‘வெளியீட்டுக்கு முன் அது பிடிபடவில்லை’ என்ற இரண்டு கிளைகள். இரண்டாவது கிளையின் கீழ் ‘ஏதேனும் ஒன்று போதும்’ என்ற இணைப்பில் நள்ளிரவுத் தரவு, தவறான இடத்தில் ஓடும் சோதனை. சோதனைத் தரவை மட்டும் திருத்தினால் ஏன் போதாது என்பது அந்தப் படத்தில் பார்த்தவுடன் தெரிந்தது.

கவோரு இஷிகாவாவின் பெயரால் வழங்கும் மீன்முள் வரைபடத்தையும் பலர் பரிந்துரைப்பார்கள். காரணங்களை மனிதர், முறை, கருவி, பொருள் என்று வகைப்படுத்தித் திரட்ட அது நல்லது. எதையும் தொடாமல் விட்டுவிடவில்லை என்ற உறுதியைத் தரும். ஆனால் அதில் எழுதப்படுபவை எல்லாம் ஊகங்களே. எந்த முள் உண்மை என்று வாக்கெடுத்து முடிவுசெய்யும் குழுக்களைப் பார்த்திருக்கிறேன், அது கூடாது. இரண்டாவது படியின் ஒப்பீட்டைச் செய்தும் ஒரு காரணம் கூடத் தோன்றாதபோது மட்டும் மீன்முள்ளை எடுங்கள்.

## படி 5: வழுவை வரவழைத்து, போக வையுங்கள்

கண்டுபிடித்த காரணம் உண்மையானது என்றால், அதை வைத்தால் வழு வர வேண்டும்; எடுத்தால் போக வேண்டும்; மீண்டும் வைத்தால் மீண்டும் வர வேண்டும். மற்ற எதையும் மாற்றக் கூடாது. நாங்கள் 4.4.0-இன் அதே கமிட்டை எடுத்து, டெம்ப்ளேட் படியுடன் ஒருமுறையும், அது இல்லாமல் ஒருமுறையும் பில்ட் செய்தோம். படி ஓடிய பொதியில் கடைசி நாள் விடுபட்டது; ஓடாத பொதியில் இருந்தது. பிறகு டெம்ப்ளேட்டைத் திருத்தி, படியுடனேயே பில்ட் செய்தோம். கடைசி நாள் வந்தது. திருத்தத்தைத் திரும்ப எடுத்தோம், மீண்டும் விடுபட்டது. 4.2.1-இலும் 4.3.1-இலும் இந்தக் கடைசிச் செயலைச் செய்திருந்தால், அதாவது அப்போது செய்த மாற்றத்தைத் திரும்ப எடுத்துவிட்டு அதே வகைப் பில்டைச் செய்து பார்த்திருந்தால், வழு திரும்பி வராததைக் கண்டு அந்த ஊகம் தவறு என்று அன்றே தெரிந்திருக்கும்.

## படி 6: திருத்தம் எங்கே வைக்கப்பட வேண்டும்

சரிபார்ப்புப் பட்டியலில் ஒரு வரி, அறிவுறுத்தும் மின்னஞ்சல், பயிற்சி வகுப்பு ஆகியவை மனிதர் நினைவில் வைத்திருப்பதை நம்பியிருப்பவை; திரும்பி வரும் வழுவுக்கு அவை போதாது. தவறு நடந்தால் பில்டை நிறுத்தும் சோதனை அவற்றைவிட வலுவானது. அந்தத் தவறைச் செய்யவே வழியில்லாதபடி அமைப்பை மாற்றுவது எல்லாவற்றிலும் வலுவானது.

எங்கள் திருத்தங்கள் இவை. டெம்ப்ளேட்டில் வரம்பைச் சரிசெய்தோம். `reports/gen` அடைவை ரெப்போவிலிருந்து நீக்கி, `.gitignore`-இல் சேர்த்தோம். இனி அந்தக் கோப்பைத் திருத்த நினைப்பவருக்குத் திருத்துவதற்குக் கோப்பே இருக்காது, டெம்ப்ளேட்டைத் தேடித்தான் ஆக வேண்டும். பேட்ச் பில்டிலும் டெம்ப்ளேட் படியைச் சேர்த்து, இரண்டு பில்டுகளையும் ஒரே வழியாக்கினோம். பேட்ச் பில்டின் நேரம் சற்றுக் கூடியது, அதை ஏற்றுக்கொண்டோம். சோதனைத் தரவில் பிற்பகல் நேரத்தைச் சேர்த்து, அந்தச் சோதனையைப் பொதி உருவான பின், பொதியின் மேலேயே ஓட வைத்தோம். டெம்ப்ளேட் இருந்த ரெப்போவில் மாற்றம் நடந்தால் எங்கள் குழுவின் ஒப்புதலும் தேவை என்று ஏற்பாடு செய்தோம்.

அதன் பின் அதே வடிவத் தவறு வேறெங்கு இருக்கிறது என்று தேடினோம். நேர முத்திரைப் புலத்தின் மேல் `BETWEEN` பயன்படுத்தும் டெம்ப்ளேட்டுகள் இன்னும் இரண்டு இருந்தன. அவற்றில் ஒன்று காலாண்டு வரிச் சுருக்கம். காலாண்டின் கடைசி நாள் அதில் விடுபட்டு வந்திருக்கிறது. எந்த வாடிக்கையாளரும் அதைப் பரிவர்த்தனைப் பட்டியலுடன் ஒப்பிட்டுப் பார்க்காததால் புகார் வரவில்லை. இந்தத் தேடலைச் செய்யாமல் விட்டிருந்தால், ‘அறிக்கை வழு திரும்ப வந்துவிட்டது’ என்று ஐந்தாவது டிக்கெட் அங்கிருந்து வந்திருக்கும்.

## வேறு காரணங்களும் அவற்றின் தடங்களும்

உங்கள் வழுவின் காரணம் எங்களுடையதாகவே இருக்கும் என்பதில்லை. ஆனால் அது எங்கே *இல்லை* என்பது காரணத்தைச் சுட்டிக்காட்டும். வழு அடுத்த முழு வெளியீட்டில் வந்து, மீண்டும் அதே வரியைத் திருத்தும் வரை எந்தப் பேட்சிலும் போகவில்லை என்றால், பேட்ச் கிளையின் திருத்தம் உண்மையிலேயே முதன்மைக் கிளைக்கு வரவில்லை என்று சந்தேகியுங்கள். சோதனைச் சூழலில் இல்லாமல் நேரடிச் சேவையகத்தில் மட்டும் வந்தால், அங்கே எவரோ கையால் திருத்திய அமைப்புக் கோப்பை ஒவ்வொரு நிறுவலும் மேலெழுதுகிறதா என்று பாருங்கள். தரவை நேரடியாகத் திருத்திச் சரிசெய்த வழு திரும்பி வந்தால், நிறுவலின்போது ஓடும் தொடக்கத் தரவு ஸ்கிரிப்ட் பழைய மதிப்பைத் திரும்ப ஏற்றுகிறதா என்று பாருங்கள். ஒரு திரையில் சரியாகி மற்றொரு திரையில் வந்தால், அதே தர்க்கம் இரண்டு இடங்களில் பிரதியெடுக்கப்பட்டிருக்கும். ஒரே கமிட்டை இரண்டு நாட்களில் பில்ட் செய்தால் வெவ்வேறு விளைவு வருகிறது என்றால், பதிப்பு எண் நிலையாகக் குறிக்கப்படாத ஒரு சார்பு நூலகம் நடுவில் மாறியிருக்கக்கூடும்.

## எப்போது மூடுவது

திருத்தம் வெளியான அன்று டிக்கெட்டை மூடாதீர்கள். எங்கள் நான்கு டிக்கெட்டுகளையும் ஒரே தாய் டிக்கெட்டின் கீழ் இணைத்து, வழு எப்போதும் தோன்றிவந்த சூழலான முழு வெளியீடு இரண்டு முறை கடக்கும் வரை அதைத் திறந்தே வைத்தோம். பேட்சுகளில் வழு வராதது எதையும் நிரூபிக்காது. முன்பும் அவற்றில் வந்ததில்லை.

4.5-க்கான முழு பில்டுக்கு முன், தனிக் கிளை ஒன்றில் பழைய டெம்ப்ளேட்டை வேண்டுமென்றே திரும்ப வைத்து பில்டை ஓட்டினோம். பொதி உருவானது, அதன் மேல் ஓடிய சோதனை, பிற்பகல் 3.40-க்குரிய பரிவர்த்தனை அறிக்கையில் இல்லை என்று சொல்லி வெளியீட்டை நிறுத்தியது. அந்தப் பதிவேட்டு வரியைத் தாய் டிக்கெட்டில் ஒட்டிவைத்து, சரியான டெம்ப்ளேட்டுடன் 4.5-ஐ வெளியிட்டோம். 4.6-உம் வெளியாகி, ஒரு மாதக் கணக்கு முடிந்து, வாடிக்கையாளர்களின் அறிக்கைகளில் கடைசி நாள் இருப்பதை நேரில் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே டிக்கெட் மூடப்பட்டது.